கிடங்கு எஸ்டிமேட்டின் மூன்று பட்டியல்கள்

கட்டடத்துக்குப் போட்ட எஸ்டிமேட்டின் கடைசி வரியில் ஒரு தொகை இருக்கும். அந்தத் தொகை எந்த டிராயிங்கை வைத்து, எந்தத் தேதியின் விலையில், எதையெல்லாம் சேர்த்து, எதையெல்லாம் விட்டுக் கணக்கிடப்பட்டது என்பதை எழுதி வைக்கும் தாள்தான் மதிப்பீட்டு அடிப்படை ஆவணம். எஸ்டிமேட் அளவையும் விலையையும் சொல்கிறது. அவை எங்கிருந்து வந்தன என்பதை இந்த ஆவணம் சொல்கிறது. செலவுப் பொறியாளர்களின் அமைப்பான ஏ.ஏ.சி.இ. இன்டர்நேஷனல், இதில் இடம்பெற வேண்டியவற்றை 34ஆர்-05 என்ற எண்ணுள்ள பரிந்துரையில் வரிசைப்படுத்தியிருக்கிறது. அந்த வரிசையில் கட்டட உரிமையாளர் தவறாமல் படிக்க வேண்டியவை மூன்று: வைத்துக்கொண்ட அனுமானங்கள், சேர்க்காமல் விட்டவை, எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீடு.

எஸ்டிமேட் போடும் நேரத்தில் தெரியாமல் நிற்கும் விஷயங்கள் பல. ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில், ஒன்றில் மட்டும், இடம்பெற வேண்டும். இதை ஒரு மாதிரிக் கிடங்கை வைத்துப் பார்க்கலாம்.

சென்னைப் புறநகரில், பழைய வயல் நிலம் ஒன்றில், 100 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் கொண்ட கிடங்கு. தரைப்பரப்பு 5,000 சதுர மீட்டர். ஏறக்குறைய 54,000 சதுர அடி. கம்பெனியில் செய்து கொண்டுவந்து பொருத்தும் இரும்புச் சட்டம், ஷீட் கூரை, கான்கிரீட் தரை, லாரியிலிருந்து நேராகச் சரக்கு இறக்கும் மேடை, தீயணைப்புத் தெளிப்பான்கள். மொத்தம் 10 கோடி ரூபாய். கட்டடத்தின் அமைப்புப் படம் மட்டும் தயாராகியிருக்கிறது. இரும்புக்கான டிசைன் முடியவில்லை, மண் பரிசோதனையும் நடக்கவில்லை. இங்கு வரும் விலைகளும் வாய்ப்புகளும் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக எடுத்துக்கொண்டவை.

அனுமானங்கள்

அனுமானம் அளந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘மண் நன்றாக இருக்கும் என்று கொள்ளப்பட்டது’ என்ற வரியால் யாருக்கும் பயன் இல்லை. எவ்வளவு நன்றாக என்று பின்னால் கேட்டால் பதில் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ‘தரையிலிருந்து 1.5 மீட்டர் ஆழத்தில் மண் ஒரு சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் என்று கொண்டு, தனித்தனி அடித்தளங்களாகக் கணக்கிடப்பட்டது’ என்று எழுதினால், பரிசோதனை அறிக்கை வந்த அன்றே அனுமானம் நின்றதா விழுந்ததா என்று தெரிந்துவிடும்.

கிடங்கில் மிகுதியாக விலையை மாற்றும் அனுமானங்களில் ஒன்று தரையைப் பற்றியது. மாதிரிக் கிடங்கில் சரக்கைத் தரையிலேயே அடுக்குவார்கள், சதுர மீட்டருக்கு 5 டன் சுமை வரும், அதற்கு 175 மில்லிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் போதும் என்று வைத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதற்கு 875 கன மீட்டர் கான்கிரீட் ஆகும். வாடகைக்கு வருபவர் ஐந்து அடுக்கு ரேக் நிறுத்தினால் நிலைமை மாறிவிடும். பரவலாக இருந்த சுமை, உள்ளங்கை அகலத் தகடு பொருத்திய ரேக் கால்களின் கீழே குவியும். தரையை 200 மில்லிமீட்டராக்க வேண்டி வந்தால் கான்கிரீட் 1,000 கன மீட்டராகும். கூடுதலான 125 கன மீட்டருக்கு, கன மீட்டர் 7,500 ரூபாய் வீதம், ஏறத்தாழ 9.4 லட்சம் ரூபாய்.

இந்த 9.4 லட்சத்தை எதிர்பாராச் செலவிலிருந்து எடுக்கக் கூடாது. கட்டடத்தின் பயன்பாட்டையே உரிமையாளர் மாற்றிவிட்டார். ஆகவே அது கூடுதல் வேலை, தனியாக ஒப்புக்கொள்ள வேண்டிய தொகை. ‘தரையில் அடுக்கும் சரக்கு, 5 டன்’ என்ற ஒரு வரி ஆவணத்தில் இருந்தால் இதில் வாதத்துக்கு இடமில்லை. அந்த வரி இல்லாவிட்டால், ‘கிடங்கு என்றால் ரேக் வரும் என்பது தெரியாதா’ என்று உரிமையாளரும், ‘யாரும் சொல்லவில்லையே’ என்று காண்டிராக்டரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இரும்பின் எடை வேறு வகை. கட்டடம் அதேதான், உயரம் அதேதான். டிசைன் முடியாததால் எடை மட்டும் தெரியவில்லை. இதுபோன்ற முந்தைய கட்டடங்களைப் பார்த்து சதுர மீட்டருக்கு 35 கிலோ என்று எடுத்தால் மொத்தம் 175 டன். செய்து, பெயின்ட் அடித்து, நிறுத்திக் கொடுக்க டன்னுக்கு 1,20,000 ரூபாய் என்றால் 2.1 கோடி. சென்னைக்கு ஐ.எஸ். 875 தரநிலை தரும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அதற்கு டிசைன் செய்யும்போது எடை 40 கிலோவாக ஏறினால் 25 டன் கூடும். 30 லட்சம் ரூபாய். உரிமையாளர் எதையும் மாற்றவில்லை. எனவே இந்த ஐயம் எதிர்பாராச் செலவுக் கணக்கில் சேர வேண்டும்.

சேராதவை

விலக்குப் பட்டியலில் இருப்பவை நடக்காத செலவுகள் அல்ல. பெரும்பாலும் கட்டாயம் நடக்கும் செலவுகள். இந்தத் தொகைக்குள் இல்லை, அவ்வளவுதான். நிலத்தின் விலை, அனுமதிக் கட்டணங்கள், மின் இணைப்புக்கான டெபாசிட், டிரான்ஸ்ஃபார்மர், ரேக்குகள், ஃபோர்க்லிஃப்ட், மெயின் ரோட்டிலிருந்து வரும் பாதை ஆகியவை கிடங்கு எஸ்டிமேட்டில் வழக்கமாக வெளியே நிற்கும். ஜி.எஸ்.டி.யும் அடிக்கடி வெளியே நிற்கும். கட்டட ஒப்பந்தத்துக்கு 18 சதவீத வரி என்றால், 10 கோடிக்கு 1.8 கோடி ரூபாய். ‘வரி தனி’ என்ற இரண்டு சொல்லின் எடை அது.

நல்ல விலக்குப் பட்டியல் ஒவ்வொரு வரியிலும் அந்தச் செலவு யாருடைய பொறுப்பு என்பதையும் சொல்லும். ‘டிரான்ஸ்ஃபார்மர் சேரவில்லை, உரிமையாளர் தனியாகப் போடுவார்’ என்பது முழுமையான வரி. ‘மேலே குறிப்பிடாத எல்லாம் சேரவில்லை’ என்று முடிக்கும் பட்டியல், ஐயத்தை அப்படியே உரிமையாளர் தலையில் இறக்கிவிடுகிறது.

இரண்டு காண்டிராக்டர்களின் எஸ்டிமேட்டை ஒப்பிடும்போது இந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்க வேண்டும். இன்னொருவர் இதே கிடங்கை 9.3 கோடிக்குச் செய்வதாகச் சொல்கிறார் என்று கொள்ளலாம். அவருடைய ஆவணத்தில் இரண்டு விலக்குகள். ஒன்று, தரை நிரப்பும் மண். லாரியின் தளத்துக்குச் சமமாக வர, கிடங்குத் தரை முற்றத்தைவிட 1.2 மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். 5,000 சதுர மீட்டருக்கு 6,000 கன மீட்டர் மண். கொட்டி, நீர் விட்டு, உருளை ஓட்டி இறுக்கக் கன மீட்டர் 450 ரூபாய் என்றால் 27 லட்சம். இன்னொன்று, தெளிப்பான்களும் அவற்றுக்கான தொட்டியும் பம்புகளும்; 65 லட்சம். இரண்டையும் கூட்டினால் 10.22 கோடி. குறைவாகத் தெரிந்த விலைதான் உண்மையில் கூடுதல்.

எதிர்பாராச் செலவு

நம் நாட்டு எஸ்டிமேட்டுகளில் கடைசியில் 3 முதல் 5 சதவீதம் வரை எதிர்பாராச் செலவு என்று சேர்ப்பது பழைய வழக்கம். அந்தச் சதவீதம் எதற்கு என்று ஆவணம் சொல்லாவிட்டால், அது போதுமா என்பதை யாரும் சோதிக்க முடியாது. மாதிரிக் கிடங்கில் விலக்கவும் முடியாத, உறுதியாகச் சொல்லவும் முடியாத ஐயங்கள் நான்கு. மண் பலவீனமாக இருந்து பைல் அடிக்க வேண்டி வந்தால் 60 லட்சம். அதற்கு வாய்ப்பு 30 சதவீதம். இரும்பின் எடை கூடினால் 30 லட்சம், வாய்ப்பு 40. வெள்ள மட்டத்தைக் கருதி 10,000 சதுர மீட்டர் மனையையும் அரை மீட்டர் உயர்த்த வேண்டி வந்தால் 22.5 லட்சம், வாய்ப்பு 40. அடித்தள வேலை வடகிழக்குப் பருவமழையில் சிக்கி ஆறு வாரம் நின்றால் 12 லட்சம், வாய்ப்பு 50.

ஒவ்வொரு தொகையையும் அதன் வாய்ப்பால் பெருக்கினால் 18, 12, 9, 6 லட்சம். கூட்டினால் 45 லட்சம், அதாவது 4.5 சதவீதம். பழைய வழக்கத்தோடு பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் இது சராசரி. இப்படி நூறு கிடங்கு கட்டுபவருக்குச் சராசரி உதவும். ஒரே ஒரு கிடங்கு கட்டுபவருக்குப் பைல் செலவு வந்தால் முழு 60 லட்சமும் வரும், வராவிட்டால் ஒன்றும் வராது. நான்கு ஐயங்களும் நடப்பது, நடக்காதது என 16 விதமாகச் சேரலாம். அத்தனையையும் கணக்கிட்டால், 45 லட்சம் போதுமாக இருக்கும் வாய்ப்பு 59 சதவீதம்தான். 72 லட்சம் ஒதுக்கினால் 81 சதவீதம். பத்தில் எட்டு முறை போதுமாக இருக்க வேண்டும் என்று உரிமையாளர் விரும்பினால் ஒதுக்க வேண்டியது 72 லட்சம்.

இந்தக் கணக்குக்கு எல்லை உண்டு. நான்கும் ஒன்றையொன்று சாராதவை என்று அது கொள்கிறது. உண்மையில் பைல் அடிக்க நேர்ந்தால் வேலை தள்ளிப்போய் மழைக்காலத்தில் மாட்டும் வாய்ப்பும் கூடும். ஆவணத்தில் இதையும் எழுத வேண்டும்.

ஒதுக்கீட்டைக் குறைக்கும் சரியான வழி, ஐயத்தைத் தீர்ப்பது. மண் பரிசோதனை செய்து மண் நல்லது என்று தெரிந்தால் முதல் ஐயம் போய்விடும்; மிச்சமுள்ள மூன்றுக்கு 42 லட்சம் ஒதுக்கினாலே 84 சதவீத வாய்ப்பில் போதும். 30 லட்சம் ரூபாய் விடுபடுகிறது. மண் மோசம் என்று தெரிந்தால் பைல் செலவு ஐயமாக இருப்பதை விட்டு எஸ்டிமேட்டின் உள்ளேயே ஒரு வரியாகிவிடும். எப்படியானாலும் பணம் ஏற்பாடு செய்யும் முன்பே உண்மை தெரிகிறது.

இந்த ஒதுக்கீட்டுக்குள் சேரக் கூடாதவை இரண்டு. உரிமையாளர் பின்னால் கேட்கும் கூடுதல் வேலை ஒன்று. இரும்பு, சிமென்ட் விலையேற்றம் மற்றொன்று. எஸ்டிமேட் எந்தத் தேதியின் விலை என்று எழுதி, ஏற்றத்துக்குத் தனி வரி போட வேண்டும். ஏற்கெனவே சேர்த்ததை மறுபடி சேர்ப்பதும் நடக்கிறது. வெட்டும்போது வீணாகும் இரும்பு, போல்ட், இணைப்புத் தகடு போன்றவை உறுதியாக வரும் செலவுகள். அவை அளவிலேயே சேர வேண்டும். ஒவ்வொரு விலையிலும் ‘பாதுகாப்புக்கு’ பத்து சதவீதம் ஏற்றிவிட்டுக் கடைசியில் எதிர்பாராச் செலவும் போட்டிருந்தால், ஒரே ஐயத்துக்கு இருமுறை பணம் கேட்கப்பட்டிருக்கிறது. முக்கியமான நான்கைந்து விலைகளை அன்றைய கொட்டேஷனோடு ஒப்பிட்டாலே அது தெரிந்துவிடும்.

வேலை தொடங்கிய பிறகு ஒதுக்கீட்டுக்கு ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும். எந்த ஐயம் நடந்தது, எவ்வளவு எடுக்கப்பட்டது, யார் ஒப்புக்கொண்டார் என்று ஒவ்வொரு முறையும் அதில் பதிய வேண்டும். அடித்தளம் முடிந்ததும் மண் பற்றிய ஐயம் முடிந்துவிடுகிறது. மனை மட்டம் உறுதியானதும் அடுத்தது. முடிந்த ஐயத்துக்கான தொகை வேறு செலவுக்குத் திரும்பாமல் உரிமையாளரின் கைக்குத் திரும்ப வேண்டும். எஸ்டிமேட்டில் கையெழுத்திடும் முன் கடைசி வரித் தொகையைப் பார்ப்பதற்கு முன்பாக இந்த மூன்று பட்டியல்களையும் படிப்பதே கிடங்கு கட்டுபவருக்கு நல்லது.