மூன்றாவது வாரத்தில் வலிக்கும் எலும்பு

காவலர் எழுத்துத் தேர்வில் தேறிய இளைஞர் ஒருவர் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். முதல் நாள் இரண்டு சுற்றுக்கே மூச்சு இரைக்கிறது. பத்து நாளில் மூச்சு பழகிவிடுகிறது. உற்சாகத்தில் மாலையிலும் மைதானத்துக்கு வருகிறார். மூன்றாவது வாரம், கணைக்கால் எலும்பின் உள் விளிம்பில், கணுக்காலுக்குச் சற்று மேலே, ஒரு வலி தொடங்குகிறது. மைதானத்தில் இதை 'ஷின் பெயின்' என்பார்கள்.

ஏன் மூன்றாவது வாரம்? ஒவ்வொரு முறை பாதம் தரையில் விழும்போதும் கணைக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. இந்த வளைவை உணரும் எலும்புச் செல்கள், சேதமான இடத்தைப் புதுப்பிக்கச் சொல்லி ஆளனுப்புகின்றன. பழைய சுவரில் புதுப் பூச்சு பூசுவதற்கு முன் பொரிந்ததைச் சுரண்டி எடுப்போமே, அதேபோல இங்கேயும் முதலில் நடப்பது அரிப்புதான். அரிக்கும் வேலை ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடிகிறது. அந்தக் குழியை நிரப்பிக் கெட்டியாக்க மூன்று மாதம்வரை ஆகிறது. ஆக, நுரையீரலும் தசையும் தெம்பாக இருக்கும் அதே நாட்களில் எலும்பு தற்காலிகமாக மெலிந்து நிற்கிறது. இந்த வலி உள்ள விளையாட்டு வீரர்களை ஸ்வீடனில் ஆராய்ந்தபோது, வலிக்கும் பகுதியில் எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது. குணமான பிறகு அது மீண்டும் ஏறியது. எலும்பின் மேலுறையைத் தசைகள் இழுப்பதும் வலிக்குக் காரணமாகலாம்.

வாரத்துக்கு 10 சதவீதம் மட்டும் கூட்டு என்று பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கிய சுமார் 500 பேரிடம் இதைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள்: 10 சதவீதக் கணக்கில் மெதுவாகக் கூட்டியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் காயம் ஏறக்குறைய சமமாகவே வந்தது. வாரக் கூட்டல் கணக்கு மட்டும் காலைக் காப்பாற்றாது.

அந்த இளைஞருக்கு நான் சொல்வது இது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். முதல் இரண்டு வாரம் ஓட்டமும் நடையுமாக 2 கிலோமீட்டர் போதும். மூச்சு எவ்வளவு கெஞ்சினாலும் மூன்றாம், நான்காம் வாரங்களில் தூரத்தைக் கூட்டாதீர்கள். பிறகு கூட்டும்போது, கடந்த ஒரு மாதத்தில் ஒரே மூச்சில் ஓடிய அதிகபட்சத் தூரத்தோடு ஒப்பிடுங்கள்; அது 3 கிலோமீட்டர் என்றால் இன்று 3.3ஐத் தாண்ட வேண்டாம். தூரம் ஏறும் வாரத்தில் வேகம் ஏறக் கூடாது. ஓட்டத் தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே, எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போதே, ஓடத் தொடங்கினால்தான் இந்தக் கணக்கு நிறைவேறும்.

வலி வந்துவிட்டால் கட்டைவிரலால் எலும்பின் உள் விளிம்பை அழுத்திப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் பெயின்தான்; ஓட்டத்தைக் குறைத்து, வலிக்காத அளவுக்கு மிதிவண்டி ஓட்டலாம். நாணய அளவு இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, இரவில் படுத்த பிறகும் வலித்தாலோ, எலும்பில் விரிசல் இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் அந்த விரிசல் தெரியாமல் போகலாம் என்பதால், படம் சுத்தமாக இருக்கிறதே என்று மறுநாள் மைதானத்துக்குத் திரும்பிவிடாதீர்கள்.