வாசலிலே வாகனக் குளியல்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் நுழைபவர் ஒரு காட்சியைத் தவறாது காண்பார். கையில் ஒரு வாளியும் தோளில் இரண்டு துணிகளுமாக ஓர் ஆள் வரிசையாக நிற்கும் கார்களைத் துடைத்துக்கொண்டு போவார். அவருக்கு மாதச் சம்பளம். அதனை வீட்டுக்கு வீடு தனித்தனியே கொடுப்பார்கள். வன்னியில் தொடர்மாடிகள் அரிதே. எனினும் ஒரே வளவில் நாலைந்து குடும்பங்கள் வாழ்வதும், வாசல் தோறும் மோட்டார் சைக்கிள் நிற்பதும் இங்கும் உண்டு. இந்தத் தொழிலை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஓர் இளைஞர் தொடங்கினால் கணக்கு எப்படி வரும் என்று பார்ப்போம்.

முதலில் தண்ணீர். 2019 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். ஆவணி, புரட்டாதியில் கிணற்று நீர் கீழே போவதைக் காணும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

பத்து லீற்றர் வாளியொன்றைக் குழாயின் கீழ் வைத்து மணி பாருங்கள். 50 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 12 லீற்றர் வருகிறது. பத்து நிமிடம் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் 120 லீற்றர் போய்விடும். அதே காரை மூன்று வாளியில், அதாவது 30 லீற்றரில் கழுவலாம்.

முதல் வாளி நீரைக் குவளையால் வார்த்து, புழுதியை ஊறவிட்டு வழிந்தோடச் செய்ய வேண்டும். இரண்டாவது வாளியில் வாகனங்களுக்கென்று விற்கும் சவர்க்காரம். துணி துவைக்கும் தூள் மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும், அது கூடாது. மூன்றாவது வாளி அலசுவதற்கு. கூரையில் தொடங்கி, கண்ணாடி, கதவு என்று மேலிருந்து கீழாக வந்து, சக்கரங்களை வேறு துணியால் கடைசியில் துடைக்க வேண்டும்.

இவ்வொழுங்கு ஏன்? நமது கிரவல் வீதிகளின் செம்புழுதி வெறும் மண்ணன்று. அதில் கூர்மையான மணல் உண்டு. உலர்ந்த துணியால் தேய்த்தால் அந்த மணலே அரம் ஆகிறது. சாய்ந்த வெயிலில் காரின் பக்கத்தைப் பாருங்கள். சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாகக் கீறல் தெரிந்தால் துடைத்தவர் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறார். வாளியின் அடியில் மணல் படிந்திருந்தால் அந்த நீரில் துணியை மீண்டும் தோய்க்கலாகாது.

சுண்ணாம்புச் செறிவுள்ள கிணற்று நீர் இன்னொரு தொல்லை. வெயிலிலே கழுவினால் துளிகள் காய்ந்து வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். ஆகவே வெயில் ஏறுமுன் கழுவி, நீர் காயுமுன் நுண்ணிழைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளுக்கு 10 லீற்றர் போதும். எஞ்சின் சூடாக இருக்கையில் தண்ணீர் ஊற்றலாகாது. புகைக்குழாயின் வாயிலும் நீர் புகலாகாது. கழுவிய பின் சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும். பிரேக் தட்டில் எண்ணெய் படவே கூடாது. ஓட்டுபவர் மெதுவாகச் சென்று பிரேக்கைப் பார்த்துக்கொள்வது நலம்.

இனி மாதக் கட்டணம். எட்டு மணி நேர வேலைக்கு நாட்கூலி 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 5 ரூபாய். கார் ஒன்றை மாதத்தில் 22 நாள் ஈரத்துணியால் துடைக்க நாளுக்குப் பத்து நிமிடம். வாரம் ஒரு முறை முழுதாகக் கழுவ 40 நிமிடம். மொத்தம் 380 நிமிடம். கூலி 1,900 ரூபாய். துணிக்கும் சவர்க்காரத்துக்கும் 200 சேர்த்தால் 2,100. மோட்டார் சைக்கிளுக்குத் துடைக்க நான்கு நிமிடம், கழுவ 20 நிமிடம் என்றால் 168 நிமிடம். கூலி 840, பொருளுக்கு 60, ஆகமொத்தம் 900 ரூபாய். நாட்கூலி மாறினால் அந்த அளவுக்கு இதனையும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு வாகனத்திலிருந்து அடுத்ததற்கு நடக்கும் நேரம் இதில் சேரவில்லை. ஆகவே வாகனங்கள் ஒரே வளவில் இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

பேரம் பேசிக் கார் ஒன்றுக்கு 1,000 ரூபாயாகக் குறைத்தால் என்ன நேரும்? அந்தப் பணம் ஏறக்குறைய 160 நிமிடத்துக்கே போதும். அந்த மனிதர் துடைப்பை அவசரப்படுத்துவார். அவசரம் உலர்ந்த துணியிலே முடியும். கீறல் உங்கள் காரில் விழும். மலிவின் மிச்சத்தைப் பின்னர் வர்ணக் கடையில் செலுத்த நேரிடும்.

ஆகையால் தொடங்குமுன்னே சில விடயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கிணற்று நீர், வாரத்தில் எந்த நாள் முழுக் குளியல், மழைநாளுக்கும் வராத நாளுக்கும் என்ன கணக்கு, ஏற்கெனவே உள்ள கீறல்கள் எவை. இருவரும் ஒப்பமிட்டால் மாத முடிவில் மனத்தாங்கல் வராது.