பெரியப்பாவின் எக்ஸ்ரேயும் நான்கு வரி ரிப்போர்ட்டும்

போன மழைக்காலத்தில் பெரியப்பாவுக்கு ஐந்து நாள் காய்ச்சல், சளி, மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தல். எக்ஸ்ரே எடுத்த கையோடு எனக்குப் போன் செய்தார். "நுரையீரல்ல ஒபாசிட்டின்னு போட்டிருக்கான்டா. கேன்சரா?" நான் இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளை எழுதிப் பிழைக்கிறவன். ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். நான்கே வரிகள். வலது கீழ்ப்பகுதியில் ஒபாசிட்டி, அதற்குள் ஏர் பிராங்கோகிராம், கன்சாலிடேஷனாக இருக்கலாம். வலது சிபி ஆங்கிள் மழுங்கல், கொஞ்சம் எஃபியூஷன். இதய அளவு நார்மல். கிளினிக்கல் கோரிலேஷன் தேவை.

ஒபாசிட்டி என்பது நோயின் பெயரே அல்ல. காற்றுக்குள் எக்ஸ்ரே கதிர் சுலபமாகப் புகுந்துவிடும், அதனால் காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கறுப்பாக விழும். எலும்பு கதிரைத் தடுக்கும், வெள்ளையாக விழும். நீரும் சதையும் இரண்டுக்கும் நடுவே. கறுப்பாக இருக்கவேண்டிய இடம் வெளுத்திருந்தால் அதை ஒபாசிட்டி என்கிறோம். சுவரில் கறை இருக்கிறது என்பது போலத்தான். எதனால் வந்த கறை என்று அந்தச் சொல் சொல்லாது. சளி, சீழ், ரத்தம், கட்டி, என்றோ ஆறிப்போன காசநோயின் தழும்பு, எதுவாகவும் இருக்கலாம்.

கன்சாலிடேஷன் அடுத்த படி. நுரையீரலின் நுண்ணிய காற்றுப் பைகளிலிருந்து காற்று வெளியேறி, அந்த இடத்தில் வேறு ஏதோ நிரம்பியிருக்கிறது என்று பொருள். நனைத்த ஸ்பாஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். வடிவம் அதேதான், ஓட்டைகளில் மட்டும் தண்ணீர். பைகள் நிரம்பினாலும் அவற்றுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்கள் பெரும்பாலும் அடைபடுவதில்லை. வெள்ளைத் திட்டுக்குள் இலையுதிர்ந்த கிளை போல அந்தக் குழாய்கள் கறுப்பாகத் தெரியும். ஏர் பிராங்கோகிராம் என்பது இதுதான். பெரியப்பாவின் படத்தில் அது தெளிவாக இருந்தது. காய்ச்சலும் சளியும் கூடவே இருந்ததால் நிமோனியா என்று நினைக்க அதுவே போதும்.

எஃபியூஷன் முற்றிலும் வேறு சங்கதி. இங்கே நீர் நுரையீரலுக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. நுரையீரலைப் போர்த்திய சவ்வுக்கும் விலாவின் உட்புறச் சவ்வுக்கும் இடையே தேங்குகிறது. நின்றபடி படமெடுத்தால் நீர் அடியில் இறங்கும். விலாவும் உதரவிதானமும் சேரும் மூலை, நல்ல படத்தில் கத்தி முனைபோல் கூர்மையாக இருக்கும். அதுதான் சிபி ஆங்கிள். நீர் சேர்ந்தால் அந்தக் கூர்மை மழுங்கிவிடும். நேராக எடுத்த படத்தில் இது தெரியவே சுமார் 200 மில்லி சேர்ந்திருக்க வேண்டும், அதாவது ஒரு டம்ளர். படுக்கையில் வைத்து எடுத்தால் நீர் முதுகுப்பக்கம் பரவி, மூலை சரியாகவே தெரியலாம். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் செய்யச் சொல்வது அதற்காகத்தான். மிகச் சிறிய அளவு நீரையும் அது காட்டிவிடும்.

உள்ளே, வெளியே என்ற வித்தியாசம் வைத்தியத்தையே மாற்றும். நிமோனியாவோடு வரும் கொஞ்சம் நீர் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கிலேயே வற்றிவிடும். மாத்திரை சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை, நீரும் கூடுகிறது என்றால் அது சீழாக மாறியிருக்கலாம். ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும், சில சமயம் குழாய் வைத்தே வடிக்க வேண்டும். சளியே இல்லாமல், ஒரு பக்கம் மட்டும் நீர், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு என்றால் நம் நாட்டில் முதலில் சந்தேகப்படுவது காசநோயை. சில ரிப்போர்ட்டுகளில் அதையே 'காக்ஸ்' என்று எழுதியிருப்பார்கள். 1882இல் அந்தக் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக் பெயரால் வந்த வழக்கு. நோயாளி மிரளக்கூடாதே என்று மறைவாக எழுதும் இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது. படத்தை மட்டும் வைத்துக் காசநோயை உறுதி செய்யவும் முடியாது, சளிப் பரிசோதனை வேண்டும்.

இனி அந்தக் கடைசி வரி, கிளினிக்கல் கோரிலேஷன். கைகழுவும் வாசகம் என்று பலர் நினைக்கிறார்கள். சில நேரம் அப்படியும் எழுதப்படுவதுண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படம் பார்க்கும் எனக்கு நோயாளியின் காய்ச்சலும் தெரியாது, பீடிப் பழக்கமும் தெரியாது. அதே வெள்ளைத் திட்டு, காய்ச்சலே இல்லாமல் இளைத்துக்கொண்டே வரும் ஒருவருக்கு இருந்தால் அடுத்த சீட்டு சிடி ஸ்கேனுக்குத்தான்.

பெரியப்பாவுக்கு நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. பத்தாம் நாள் அவரே போய் இன்னொரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "வெள்ளை அப்படியே இருக்குடா" என்று புலம்பினார். உடம்பு தேறிய பிறகும் படம் தெளிய வாரக்கணக்கில் ஆகும். ஐம்பது தாண்டியவர், புகைப்பவர் என்றால் சுமார் ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பது வழக்கம். அப்போதும் திட்டு கலையவில்லை என்றால்தான் அதன் பின்னால் கட்டி ஒளிந்திருக்கிறதா என்று தேடுவோம். அவருக்கு ஏழாவது வாரம் மூலை கூர்மையாகிவிட்டது, திட்டும் இல்லை.

ரிப்போர்ட் தாளை மட்டும் பத்திரப்படுத்திவிட்டுப் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை எக்ஸ்ரே எடுக்கும்போது பழைய படத்தையும் கொண்டுவாருங்கள். போன வருஷமும் இதே இடத்தில் இதே அளவில் இருந்த தழும்புதான் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம்.