‘பண்ணிடலாம் ஸார்!’ - சரி, யார் பண்றது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. கான்ஃபரன்ஸ் ரூம். நடுவில் ஒரு தட்டு பஜ்ஜி. சுவரெல்லாம் மஞ்சள், பச்சை, ரோஸ் கலரில் ஒட்டுச் சீட்டுகள்.

“டெஸ்ட் சர்வர் அடிக்கடி படுத்துக்குது!”

“கரெக்ட். அதைச் சரி பண்ணணும்.”

“ஆமா ஆமா, பண்ணிடலாம்!”

எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பஜ்ஜி காலி. கூட்டமும் காலி. திங்கட்கிழமை காலையில் ஹவுஸ்கீப்பிங் அம்மா வந்து சீட்டுகளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போடுகிறார். அத்தோடு அந்தத் தீர்மானத்துக்கும் பால் தெளித்தாகிவிட்டது!

ஸாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கூட்டத்தின் பெயர் தெரியும். ‘ரெட்ராஸ்பெக்டிவ்’, செல்லமாக ரெட்ரோ. இரண்டு வாரம் வேலை செய்துவிட்டு, ‘எது நல்லா போச்சு, எது சொதப்பிச்சு, அடுத்த தடவை என்ன மாத்தலாம்’ என்று டீம் உட்கார்ந்து பேசுவது. 2001-ல் வெளியான அஜைல் கொள்கைகள் பன்னிரண்டில் கடைசிக் கொள்கையே இதுதான். பேசுவதில் நம்மவர்கள் குறை வைப்பதே இல்லை. அதற்கப்புறம்தான் பிரச்னை.

என் நண்பர் ஒருவருடைய டீமில் மொத்தம் ஏழு பேர். மேலே சொன்ன டெஸ்ட் சர்வர் சமாசாரம் அங்கே நடந்ததுதான். ஒரு நாள் அவர் யதேச்சையாகப் பழைய ரெட்ரோ குறிப்புகளைப் புரட்டியிருக்கிறார். மூன்று கூட்டத்திலும் அதே வரி! ‘டெஸ்ட் சர்வரைச் சரி செய்ய வேண்டும். பொறுப்பு: டீம்.’ ஆறு வாரமாக ஏழு பேர் பொறுப்பு ஏற்றுக்கொண்டிருக்க, சர்வர் மட்டும் தன் பாட்டுக்குப் படுத்து எழுந்துகொண்டிருந்தது.

“அந்த வரியிலேயே கோளாறு இருக்குப்பா” என்றார் நண்பர். “பொறுப்பு டீம்னு எழுதினா, யார் பொறுப்பும் இல்லைன்னு அர்த்தம். ‘சரி செய்ய வேண்டும்’ ஒரு ஆசை. அது வேலை இல்லை. திங்கட்கிழமை காலையில ஸீட்ல உட்கார்ந்து முதல்ல எதைத் தொடறதுன்னு அதுல எங்கே இருக்கு?”

நாலாவது ரெட்ரோவில் அவர் ஒரு காரியம் செய்தார். மற்ற சீட்டுகளை ஓரம் கட்டிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் எடுத்து, “சர்வர் படுத்துக்குதுன்னா என்ன ஆகுது?” என்று கேட்டார். டெஸ்டிங் பார்க்கும் பெண்தான் பதில் சொன்னார். ராத்திரி ஓடும் ப்ரோக்ராம்கள் லாக் ஃபைல்களைக் கொட்டிக்கொண்டே போகின்றன. டிஸ்க் நிரம்பிவிடுகிறது. காலையில் யாராவது பழைய ஃபைல்களைக் கையால் அழித்தால்தான் சர்வர் கண் திறக்கும்.

பத்து நிமிஷத்தில் ஆசை, வேலையாகிவிட்டது. போர்டில் ஏறிய சீட்டு இதுதான்:

வேலை: ஏழு நாளுக்கு மேற்பட்ட லாக் ஃபைல்களைத் தினமும் தானாக அழிக்கும் ஸ்கிரிப்ட்டை டெஸ்ட் சர்வரில் போடுவது.
பொறுப்பு: டெஸ்டிங் பெண் (பெயர் போட்டு).
எப்போது: வரும் வியாழன்.
நேரம்: அரை நாள்.
முடிந்ததற்கு அடையாளம்: தொடர்ந்து மூன்று காலை, டிஸ்க் 80 சதவிகிதத்துக்குக் கீழே.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பெயர். பொறுப்பாளரே எல்லாவற்றையும் தன் கையால் செய்ய வேண்டும் என்பதில்லை. ‘என்னாச்சு?’ என்றால் பதில் சொல்லும் ஒரே ஆள் அவர், அவ்வளவுதான். அந்தப் பெயரும் அவர் வாயாலேயே வர வேண்டும். லீவில் இருப்பவர் தலையில் கட்டுவது செல்லாது! எல்லாச் சீட்டையும் கூட்டம் நடத்துபவர் தலையிலேயே கட்டுவதும் கூடாது.

இரண்டாவது, அந்த அரை நாள். இதில்தான் பெரும்பாலான டீம்கள் கோட்டை விடுகின்றன. ரெட்ரோ தீர்மானங்கள் ஏதோ ஒரு தனி ஃபைலில் தூங்கும். தினசரி வேலைகள் வேறு போர்டில் ஓடும். தினம் பத்து தடவை பார்க்கும் போர்டு ஜெயிக்குமா, யாரும் திறக்காத ஃபைல் ஜெயிக்குமா? எனவே சீட்டு அதே போர்டில் ஏற வேண்டும். அடுத்த இரண்டு வாரத்துக்கான வேலைக் கணக்கில் அந்த அரை நாளைக் கழித்துவிட வேண்டும். கழிக்காவிட்டால், ‘நேரம் கிடைச்சா பண்றேன்’தான். நேரம் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

ஸ்க்ரம் முறையின் வழிகாட்டிப் புத்தகமே 2017 பதிப்பில், முந்தைய ரெட்ரோவில் வந்த முக்கியமான முன்னேற்றம் ஒன்றாவது அடுத்த சுற்றின் வேலைப் பட்டியலில் இருக்க வேண்டும் என்றது. 2020 பதிப்பில் அதைத் தளர்த்தி, ‘சேர்க்கலாம்’ என்று விட்டுவிட்டார்கள். நண்பர் மட்டும் பழைய கட்சி. “கட்டாயம் இல்லைன்னா நம்ம பசங்க சேர்ப்பாங்கன்னு நினைக்கிறே?”

சரி, கதைக்கு வருவோம். புதன்கிழமை க்ளையண்ட்டிடமிருந்து ஒரு அவசரம். எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். வியாழக்கிழமை காலை தினசரிக் கூட்டத்தில் போர்டில் அந்தச் சீட்டு அப்படியே கண்ணை உறுத்தியது. “இன்னிக்கு முடியாது, திங்கட்கிழமை மாத்திக்கறேன்” என்றார் அந்தப் பெண். தள்ளிப்போனது தப்பில்லை. எல்லோர் கண் முன்னாலும் தேதி போட்டுத் தள்ளிப்போனது பாருங்கள், அதுதான் வித்தியாசம். திங்களன்று ஸ்கிரிப்ட் ஏறியது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று காலையும் டிஸ்க் சமர்த்தாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ரெட்ரோ. முதல் ஐந்து நிமிஷம் போன தடவை சீட்டுக்குத்தான். புதுப் புலம்பலெல்லாம் அப்புறம். நண்பர் இரண்டு கேள்வி கேட்டார். “செஞ்சாச்சா?” - செஞ்சாச்சு. “அதனால பிரச்னை தீர்ந்துதா?” - பாதி! புதன்கிழமை மத்தியானம் சர்வர் மறுபடி படுத்திருக்கிறது. இந்தத் தடவை டிஸ்க் இல்லை, மெமரி. அதற்குப் புதுச் சீட்டு, புதுப் பெயர். முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் ‘முடிந்தது’ என்று டிக் அடித்துவிட்டு, நிம்மதியாக ஏமாந்திருப்பார்கள்.

ஆனால், எல்லாத் தீர்மானமும் இப்படிச் சுலபமாகச் சீட்டுக்குள் அடங்காது. ‘இனிமே ரிலீஸுக்கு முன்னாடி கவனமா இருப்போம்’ என்று ஒன்று வரும். கவனத்தை எந்தத் தேதியில் முடிப்பது? அதை ஒரு பொருளாக மாற்ற வேண்டும். ‘ரிலீஸ் படிவத்தில் ஐந்து கேள்வி சேர்ப்பது’ என்றால், அது ஒருவர் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலை.

இன்னொன்று, டீமின் கையிலேயே இல்லாத விஷயம். புது சர்வர் வாங்கித் தருவது மேலிடம். அப்போது சீட்டில் ‘புது சர்வர்’ என்று எழுதிப் பிரயோஜனமில்லை. ‘இரண்டு வாரத்தில் வீணான மணி நேரங்களைக் கணக்கெடுத்து, புதன்கிழமைக்குள் மானேஜரிடம் கொடுப்பது’ - இது நம் கையில் இருக்கிறது.

எத்தனை சீட்டு? ஒரு சுற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மற்றவை உண்மையிலேயே வலித்தால் அடுத்த ரெட்ரோவில் தானாகத் திரும்பி வரும். இரண்டு சுற்று தாண்டியும் அசையாத சீட்டு இருந்தால், உடைத்துச் சின்னதாக்குங்கள். அல்லது ‘இதை நாம செய்யப்போறதில்லை’ என்று எல்லோர் முன்னாலும் கிழித்துப் போடுங்கள். ஊறப்போட்டால் மற்ற சீட்டுகளின் மரியாதையும் போய்விடும்.

ஜிரா உபயோகிப்பவர்கள் ரெட்ரோ சீட்டுகளுக்கெல்லாம் `retro` என்று ஒரு லேபிள் ஒட்டிவிட்டு, இந்த ஒரு வரியைத் தேடிப் பார்க்கலாம். முடியாமல் கிடப்பதெல்லாம் வயசுப்படி, மூத்தது முதலில், வரிசையாக வந்து நிற்கும்:

```
labels = retro AND statusCategory != Done ORDER BY created ASC
```

கடைசியாக நண்பரிடம், “உங்க டீம் இப்போ எப்படி?” என்றேன்.

“சர்வர் பிரச்னை தீர்ந்துடுச்சு. ஆனா ரெட்ரோவுல புதுசா ஒரு சீட்டு வந்திருக்கு.”

“என்னவாம்?”

“பஜ்ஜி பத்தலையாம். பொறுப்பு - என் பேரைப் போட்டுட்டானுங்க. தேதியோட!”