ஒரு ஃபேஸ் போனால் பம்ப் மோட்டார் ஏன் கருகுகிறது?

ஸ்டார்ட்டருக்கு முன்னால் ஒரு ஃபியூஸ் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் மும்முனை மோட்டார் பெரும்பாலும் நிற்பதில்லை. அதே தண்ணீரை இரண்டு ஃபேஸில் இறைக்க முயல்வதால், மீதி வயர்களில் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. மோட்டார் உறுமும், சுருள் சூடேறிக் கருகும்.

இதைத் தடுக்கவே சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர். ஸ்டார்ட்டர் காயிலுக்குப் போகும் மின்சாரம் இதன் வழியே செல்கிறது. ஃபேஸ் போனதும் ரிலே அதைத் துண்டிக்க, மோட்டார் நின்றுவிடும்.

ஆனால் ஓடும் மோட்டாரே போன ஃபேஸில் மின்னழுத்தத்தை உண்டாக்கிவிடும். அதனால் வோல்டேஜ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மலிவான ரிலே ஏமாந்துபோகும். மூன்று ஃபேஸ்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வை அளக்கும் ரிலேயையே கேட்டு வாங்குங்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு: ரிலேவைத் தாண்டி, கிணற்றுக்குள் இறங்கும் கேபிளில் வயர் அறுந்தால் அதற்குத் தெரியாமல் போகலாம். ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு, மின்னோட்டத்தை அளக்கும் சி.டி. வகையே பாதுகாப்பு.