512 எம்.பி.க்குள் ஒரு லினக்ஸ்: ஸ்வாப் எவ்வளவு, ஸ்வாப்பினஸ் எவ்வளவு?

குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்கள் பல 512 எம்.பி. நினைவகத்தோடுதான் வருகின்றன. ஸ்வாப் பெரும்பாலும் இருக்காது. இப்படிப்பட்ட லினக்ஸ் விருந்தாளி பல நாட்கள் ஒழுங்காக ஓடிவிட்டு, ஓர் இரவு டேட்டாபேஸ் மட்டும் நின்றுபோய்க் கிடக்கும். `dmesg` கட்டளையில் பார்த்தால் காரணம் எழுதியிருக்கும்: `Out of memory: Killed process 812 (mariadbd)`. நினைவகம் தீர்ந்ததால் கெர்னலே ஒரு புராசஸைத் தேர்ந்து கொன்றிருக்கிறது. வழக்கமாக அது அதிக இடம் பிடித்திருக்கும் புராசஸாகத்தான் இருக்கும்; டேட்டாபேஸ் பலியாவது அதனால்தான்.

நினைவகப் பக்கங்கள் இரு வகை. நிரலின் குறிமுறையும் படித்த கோப்புகளும் ஒரு வகை. இவற்றின் மூலம் டிஸ்கில் இருப்பதால் கெர்னல் தயங்காமல் தூக்கி எறியலாம், வேண்டும்போது மீண்டும் படித்துக்கொள்ளலாம். நிரல் ஓடும்போது உருவாக்கிக்கொள்ளும் தரவு இன்னொரு வகை. இதற்கு டிஸ்கில் பிரதி கிடையாது. ஸ்வாப் இல்லாவிட்டால் இந்தப் பக்கங்கள், மாதக்கணக்கில் யாரும் தொடாவிட்டாலும், இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். நெருக்கடி முழுவதும் முதல் வகையின் தலையில் விழும். அப்போது கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் குறிமுறையையே எறிவதும் படிப்பதுமாக இருக்கும். ஸ்வாப்பே இல்லாத மெஷினிலும் டிஸ்க் ஓயாமல் உழைப்பது இதனால்தான்.

எனவே ஸ்வாப்பை மலிவான கூடுதல் நினைவகம் என்று எண்ணக் கூடாது. தூங்கும் பக்கங்களை ஒதுக்கிவைக்கும் பரண் அது. அளவையும் அப்படியே கணக்கிட வேண்டும். 512 எம்.பி. மெஷினில் கெர்னல் தன் பங்கை எடுத்தபின் ஏறத்தாழ 460 மிஞ்சுவதாகக் கொள்வோம். டேட்டாபேஸுக்கு 150, தலா 35 எம்.பி. பிடிக்கும் ஐந்து பிஎச்பி புராசஸ்களுக்கு 175, மற்றவற்றுக்கு 80 என்றால் 405 ஆகிவிடும். கோப்புப் பக்கங்களுக்கு மீதி 55 தான். இரவில் `apt upgrade` ஓடி 130 எம்.பி. கேட்டால் மொத்தத் தேவை 535. அதாவது 75 பற்றாக்குறை. கோப்புப் பக்கங்களுக்கும் ஓர் 75 விட்டுவைத்தால் 150 எம்.பி. வெளியேற வேண்டும். 512 எம்.பி. ஸ்வாப் இதற்குத் தாராளம்.

```
fallocate -l 512M /swapfile
chmod 600 /swapfile
mkswap /swapfile
swapon /swapfile
```

மெஷினை மீண்டும் தொடங்கினாலும் இது நிலைக்க `/etc/fstab` கோப்பில் ஒரு வரி வேண்டும்:

```
/swapfile none swap sw 0 0
```

நான்கு ஜி.பி. கொடுத்துவிட்டால் இன்னும் பாதுகாப்புதானே என்று தோன்றும். உண்மையில் அது ஆபத்து. ஒரு நிரல் நினைவகத்தைக் கசியவிட்டால், அந்த நான்கு ஜி.பி.யும் நிரம்பும் வரை அது சாகாது. அதுவரை மெஷின் உயிரோடிருந்தும் பயனற்றுத் திணறும்; உள்ளே நுழையக்கூட முடியாமல் போகலாம். சிறிய ஸ்வாப்பில் அந்த நிரல் சீக்கிரம் கொல்லப்படும், மற்றவை பிழைக்கும்.

அடுத்தது `vm.swappiness`. ஸ்வாப் எவ்வளவு நிரம்பியதும் வேலையைத் தொடங்க வேண்டும் என்று சொல்லும் சதவீதம் இது என்பது பரவலான தவறு. இடம் தேவைப்படும்போது எந்த வகைப் பக்கத்தை எந்த அளவுக்கு வெளியேற்றலாம் என்பதற்கான எடை அது. மதிப்பு 100 என்றால் இரு வகைக்கும் செலவு சமம் என்று பொருள். இயல்பான மதிப்பு 60. ஸ்வாப் சற்றுக் கூடுதல் செலவு என்ற கணிப்பு அதில் அடங்கியிருக்கிறது. கெர்னல் 5.8 முதல் 200 வரை வைக்கலாம்.

பத்தாகக் குறைக்கச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கிறது. நினைவகம் நிறைய உள்ள டேட்டாபேஸ் சர்வருக்கு அது பொருந்தலாம். ஆனால் மேலே கண்ட மெஷினில் கோப்புப் பக்கங்களே 55 எம்.பி. தான். பத்தாக்கினால் கெர்னல் அவற்றையே பிய்த்தெடுக்கும். தூங்கும் தரவு நகராது. குறிமுறையைப் படிப்பது கூடும். ஆகவே 60ஐ வைத்துத் தொடங்குவதே நல்லது. டிஸ்க்குப் பதிலாக நினைவகத்திலேயே சுருக்கி வைக்கும் ஜிராம் ஸ்வாப்புக்கு மட்டும் 100க்கு மேல் வைப்பது பொருத்தம், அங்கே டிஸ்க் செலவே இல்லை. மாற்றிப் பார்க்க:

```
sysctl -w vm.swappiness=60
```

நிலைக்க வேண்டுமானால் `/etc/sysctl.d/` அடைவில் ஒரு கோப்பில் எழுத வேண்டும்.

சரியாக இருக்கிறதா என்பதை `free -m` காட்டும் எண்ணைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. ஸ்வாப்பில் 120 எம்.பி. இருப்பதே குற்றமல்ல. `vmstat 5` தரும் `si`, `so` பத்திகளைப் பார்க்க வேண்டும். முதல் வரி மெஷின் தொடங்கியதிலிருந்தான சராசரி என்பதால் அதை விட்டுவிடலாம். `so` சிறிது நேரம் உயர்ந்து அடங்கினால் தூங்கும் பக்கங்கள் வெளியேறின, அவ்வளவே. இரண்டும் விடாமல் உயர்ந்தே நின்றால், வேலை செய்யும் பக்கங்களே போய் வருகின்றன. அப்போது ஸ்வாப்பினஸை எப்படித் திருகினாலும் பயனில்லை. பிஎச்பி புராசஸ்களை மூன்றாகக் குறைக்க வேண்டும், அல்லது நினைவகம் வாங்க வேண்டும்.

இரண்டு பத்திகளும் பூஜ்யமாக இருந்தும் மெஷின் திணறினால், ஹோஸ்ட் கணினியே நினைவகப் பற்றாக்குறையில் இந்த விருந்தாளியின் பக்கங்களைத் தன் ஸ்வாப்புக்குத் தள்ளியிருக்கலாம். உள்ளிருந்து அது தெரியாது. விருந்தாளி அதே பக்கத்தைத் தன் ஸ்வாப்பில் எழுத முயன்றால், ஹோஸ்ட் முதலில் அதைப் படித்து மேலே கொண்டுவந்து, பிறகு மீண்டும் டிஸ்கில் எழுத வேண்டியிருக்கும். இந்த இரட்டை வேலையை உள்ளே இருக்கும் எந்த அமைப்பாலும் தடுக்க முடியாது. சர்வரை வாடகைக்குக் கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும்.