கொதித்த உமிழ்நீர் ஏன் வேலை செய்வதில்லை?

பள்ளி ஆய்வகத்தில் உமிழ்நீரை வைத்துச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. நீர்த்த ஸ்டார்ச் கரைசலில் கொஞ்சம் உமிழ்நீரைக் கலந்து, சோதனைக்குழாயை 37 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில் வைக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஒரு சொட்டு எடுத்து அயோடினில் விட்டுப் பார்க்க வேண்டும். முதலில் கருநீலம் தெரியும். பிறகு நிறம் வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் அயோடினின் மஞ்சள் மட்டும் மிஞ்சும். ஸ்டார்ச் தீர்ந்து மால்டோஸ் சர்க்கரையாகிவிட்டது என்று பொருள்.

இதைச் செய்தது அமைலேஸ் என்ற நொதி. நொதி இல்லாமல் இதே வேலையை முடிக்க ஸ்டார்ச்சை அமிலத்தோடு கொதிக்க வைக்க வேண்டியிருக்கும். வினை தொடங்கத் தேவைப்படும் கிளர்வு ஆற்றலை நொதி குறைத்துவிடுவதால், உடல் வெப்பமே போதுமானதாகிவிடுகிறது. வினையில் நொதி செலவாவதும் இல்லை. ஒரு மூலக்கூறை உடைத்ததும் அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறது. வினையூக்கி என்று சொல்வது அதனால்தான்.

அமைலேஸ் ஒரு புரதம். ஏறக்குறைய 500 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. சங்கிலி மடிந்து சுருளும்போது ஓரிடத்தில் பள்ளம் ஒன்று உண்டாகிறது. ஸ்டார்ச் வந்து பொருந்தும் அந்தப் பள்ளம்தான் கிளர்வு மையம். அதன் வடிவத்தைக் காப்பவை ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற வலுக்குறைந்த பிணைப்புகளே.

உமிழ்நீரைக் கொதிக்க வைத்தால் மூலக்கூறுகளின் அதிர்வு கூடி இந்தப் பிணைப்புகள் அறுபடுகின்றன. சங்கிலி துண்டாவதில்லை, மடிப்புதான் குலைகிறது. பள்ளம் போனதும் ஸ்டார்ச் பொருந்த இடமில்லை. இதுவே இயல்பிழத்தல். தேர்வில் பலர் ‘நொதி இறந்துவிட்டது’ என்று எழுதுகிறார்கள். நொதிக்கு உயிர் கிடையாது, இறக்கவும் முடியாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கொதித்த குழாயை ஆறவிடாமல் அயோடினைச் சேர்த்தால், ஸ்டார்ச் இருந்தும் கருநீலம் தோன்றாது. ‘கொதித்த நொதியும் வேலை செய்கிறது’ என்று ஏமாந்துபோவோம். ஆறியதும் நிறம் வந்துவிடும்.

அமிலம் கெடுக்கும் வழி வேறு. அமைலேஸுக்கு உகந்த pH ஏறக்குறைய 7. கிளர்வு மையத்தில் எதிர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அமிலத்தைச் சேர்த்தால் ஹைட்ரஜன் அயனிகள் அவற்றில் ஒட்டி அந்த மின்னூட்டத்தைப் போக்கிவிடுகின்றன. வினையை நடத்த முடியாமல் போகிறது. அமிலம் கடுமையானால், மின்னூட்டங்களின் ஈர்ப்பால் நின்ற மடிப்பும் அவிழ்ந்துவிடும். நாம் மென்று விழுங்கிய சோற்றில் அமைலேஸின் வேலை இரைப்பையில் நின்றுபோவது இப்படித்தான். அதுவும் உடனே அல்ல. சோற்று உருண்டைக்குள் அமிலம் ஊறும்வரை உள்ளே செரிமானம் நடந்துகொண்டே இருக்கும். அதே இரைப்பையில் பெப்சின் நொதி pH 2-இல் சுறுசுறுப்பாக இயங்குகிறது. அதன் மடிப்பு அமிலத்தைத் தாங்கும்படி அமைந்தது.

பனிக்கட்டியில் வைத்த குழாயிலும் கருநீலம் நெடுநேரம் மாறாது. ஆனால் அங்கே மடிப்பு குலையவில்லை. மூலக்கூறுகள் மெதுவாக அசைவதால் வேலை மந்தமாகியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் பிரித்தறிய, பனியில் இருந்த குழாயையும் கொதித்து ஆறிய குழாயையும் 37 டிகிரிக்குக் கொண்டுவந்து காத்திருங்கள். முதல் குழாயில் கருநீலம் மறையும். இரண்டாவதில் அப்படியே நிற்கும்.